இருபதுக்குப் பத்தொன்பது வாங்கியவரிடம் வாடிக்கையாளர் ஏன் கத்துகிறார்?

கேள்வி: வணக்கம் மேடம். கஞ்சிக்கோட்டில் ஒரு கால் சென்டரில் பயிற்சி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பிராட்பேண்ட் புகார்களை எடுக்கிறோம். பாலக்காடு, பொள்ளாச்சி இரண்டு பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும். கோபமாகப் பேசுகிறவர்களைக் கையாள்வது பற்றி 26 பேருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, அன்று மாலையே 20 கேள்விகளில் டெஸ்ட் வைத்தோம். யாருமே 18-க்குக் கீழே வாங்கவில்லை. ஆனால் சூப்பர்வைசருக்குப் போகிற அழைப்புகள் கொஞ்சமும் குறையவில்லை. எங்கள் கேள்வி ஒன்றை மாதிரிக்கு எழுதுகிறேன். "வாடிக்கையாளர் கோபமாகப் பேசினால் என்ன செய்வீர்கள்? அ) நானும் குரலை உயர்த்துவேன். ஆ) போனை வைத்துவிடுவேன். இ) பொறுமையாகக் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, தீர்வு சொல்வேன். ஈ) எதுவும் பேச மாட்டேன்." இனிமேல் சூழ்நிலைக் கேள்வியாக எழுதச் சொல்கிறார் மேனேஜர். எப்படி எழுதுவது?

பதில்: வணக்கம். உங்கள் கேள்வித்தாளை வைத்து முதலில் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த பேட்சில் சேரப்போகிறவர்கள் நான்கைந்து பேரிடம், பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் 18, 19 என்றுதான் வாங்குவார்கள் என்று நினைக்கிறேன். வாங்கினால், அந்தத் தாள் நீங்கள் கொடுத்த பயிற்சியை அளக்கவே இல்லை. போனை வைத்துவிடுவேன் என்று பரீட்சையில் எழுதுகிற ஆள் உலகத்தில் கிடையாது. உங்கள் கேள்வியில் சரியான விடை நன்றாகத்தான் இருக்கிறது. தவறான விடைகள்தான் யாரும் தொடாத விடைகளாக இருக்கின்றன. சூழ்நிலைக் கேள்வி எழுதுவதில் பாதிக்கு மேல் உழைப்பு தவறான விடைகளைத் தேடுவதில்தான் போகும். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

தவறான விடைகளை உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. அவை உங்கள் ரெக்கார்டிங்கில் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படையில் வேலை செய்த ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர், ஒரு வேலையில் நன்றாகப் போன சம்பவங்களையும் கெட்டுப்போன சம்பவங்களையும் நடந்தது நடந்தபடி சேகரித்து, அவற்றிலிருந்து அந்த வேலைக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்கும் முறையை வகுத்தார். 1954-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். சூழ்நிலைத் தேர்வு எழுதுகிறவர்கள் இன்றும் அந்த முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. அவர்கள் சம்பவத்தை யாராவது நினைவிலிருந்து சொல்லக் கேட்க வேண்டியிருந்தது. நம்மிடம் ஒவ்வொரு சம்பவமும் குரலோடு பதிவாகியிருக்கிறது.

குவாலிட்டி டீமிடம் சொல்லி, கடந்த மாதம் சூப்பர்வைசருக்குப் போன அழைப்புகளில் பதினைந்தை எடுங்கள். எடுத்த எடுப்பிலேயே கத்திக்கொண்டு வந்தவரின் அழைப்பைக் காட்டிலும், ஓரளவு பொறுமையாகத் தொடங்கி நடுவில் குரல் ஏறிய அழைப்புதான் நமக்கு வேண்டும். குரல் ஏறிய இடத்தில் நிறுத்துங்கள். அதற்குச் சற்று முன்னால் உங்கள் ஏஜென்ட் சொன்ன வாக்கியத்தை, அவர் சொன்ன அதே பேச்சில், ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து அழைப்புக்குப் பதினைந்து வாக்கியம். முழு அழைப்பையும் கேட்டால்தான் சூழ்நிலை புரியும் என்பதால் ஒரு நாள் முழுக்க இதற்கே போய்விடும். போகட்டும்.

நான் இதைச் செய்யும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கிடைக்கிற வாக்கியங்கள் சில உண்டு. "டென்ஷன் ஆகாதீங்க சார்." "சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது." "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க." "உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது மேடம், 24 மணி நேரத்துல சரியாயிடும்." இவற்றில் ஒன்றுகூட மரியாதை கெட்ட பேச்சு இல்லை என்பதைக் கவனியுங்கள். அத்தனையும் நல்ல எண்ணத்தோடு சொன்னவை. கடைசி வாக்கியம் பயிற்சியில் கற்றுக்கொடுத்ததுகூட. உங்கள் ஏஜென்ட் தவறுவது இங்கேதான். திட்டிவிடுவதால் அழைப்பு கெடுவது அபூர்வம். நல்ல வாக்கியத்தைப் பொருந்தாத இடத்தில் சொல்வதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. உங்கள் தவறான விடைகளும் அப்படிப்பட்ட நல்ல வாக்கியங்களாக இருக்க வேண்டும்.

ஒரு கேள்வியை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். முதலமடைப் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசன் நேரம். திங்கட்கிழமை காலையிலிருந்து அவருக்கு நெட் இல்லை. சூழ்நிலையை இப்படி எழுதலாம்.

"வியாழக்கிழமை காலை 10.15. இந்த வாடிக்கையாளருக்கு இது மூன்றாவது அழைப்பு. திங்கள் அன்றும் புதன் அன்றும் பேசிய ஏஜென்ட்டுகள் 24 மணி நேரத்தில் ஆள் வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை 9.40-க்கு, 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற குறிப்போடு புகார் மூடப்பட்டிருப்பது உங்கள் ஸ்கிரீனில் தெரிகிறது. அதே புகாரை நீங்கள் மறுபடி திறக்கலாம். ஏரியா ஆபீஸுக்குப் பேசலாம். சூப்பர்வைசருக்கு மாற்றலாம். டெக்னீஷியனுக்கு நேரம் குறித்துக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. வாடிக்கையாளர் சொல்கிறார்: 'மூணு நாளா ஆள் வர்றாங்க, வர்றாங்கன்னு சொல்றீங்க. ஒருத்தரும் வரலை. காலைல பார்த்தா புகார் தீர்க்கப்பட்டதுன்னு மெசேஜ் வருது. யாரைக் கேட்டு மூடினீங்க? மண்டில லோடு நிக்குது, பில் அடிக்க முடியலை.' அடுத்து நீங்கள் சொல்ல வேண்டியது எது?"

விடைகள் இவை.

அ) "ரொம்ப மன்னிக்கணும் சார். உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. இப்பவே புதுசா ஒரு கம்ப்ளைன்ட் போட்டுத் தர்றேன், 24 மணி நேரத்துல ஆள் வந்துடுவாங்க."

ஆ) "மன்னிக்கணும் சார். இங்க உங்களைக் கூப்பிட்டப்ப லைன் கிடைக்கலைன்னு காட்டுது. எங்ககிட்ட இருக்கிற நம்பர் சரிதானான்னு ஒருக்காப் பார்த்துடலாமா?"

இ) "மூணு நாளா ஆளும் வரலை, வராமலே மூடியும் இருக்கு, இது எங்க தப்பு சார். அதே கம்ப்ளைன்ட்டைத் திறக்கறேன். ஏரியா ஆபீஸ்ல கேட்டுட்டு பதினொன்றரைக்குள்ள நானே கூப்பிடறேன்."

ஈ) "நீங்க கோபப்படறது நியாயம்தான் சார், மன்னிக்கணும். இதை எங்க சூப்பர்வைசர்கிட்டயே நேரா சொல்லிடுங்க. ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, மாத்தி விடறேன்."

சரியான விடை இ. ஆனால் அதைவிட முக்கியம், மற்ற மூன்றில் ஒவ்வொன்றையும் ஒரு நல்ல ஏஜென்ட் ஏன் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். 'அ'வில் நீங்கள் பயிற்சியில் சொன்ன எல்லாச் சொற்களும் இருக்கின்றன. மன்னிப்பு இருக்கிறது, புரிதல் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. பாடத்தை மனப்பாடம் செய்தவர் நேரே இதற்குத்தான் போவார். ஆனால் 24 மணி நேரம் என்பது அவர் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டு ஏமாந்த வாக்கு. புதுப் புகார் போட்டால் அவர் காத்திருந்த மூன்று நாளும் கணக்கிலிருந்து போய்விடும். 'ஆ'வில் கேட்கிற விஷயம் அவசியமானது. நம்பர் தவறாக இருந்தால் நாளைக்கும் ஆள் வர மாட்டார். ஆனால் 'யாரைக் கேட்டு மூடினீங்க' என்று கேட்டவருக்கு முதல் பதிலாக அதைச் சொன்னால், தப்பு உன் பக்கம் என்றுதான் காதில் விழும். அதையே இரண்டு வாக்கியம் கழித்துக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். 'ஈ' ஏஜென்ட்டுக்குச் சுமை இறங்கும் வழி. சூப்பர்வைசரைக் கொடு என்று அவர் கேட்கவே இல்லை. மாற்றிவிட்டால் அதே கதையை நான்காவது ஆளிடம் சொல்லப் போகிறார். சூப்பர்வைசருக்குப் போகும் அழைப்புகள் குறையவில்லை என்று எழுதியிருந்தீர்களே, 'ஈ'யை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று பார்த்தால் அதற்கான காரணத்தில் ஒரு பங்கு தெரிந்துவிடும்.

சூழ்நிலையில் ஏஜென்ட்டால் என்னென்ன செய்ய முடியும், என்ன முடியாது என்று நான் எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். அதை எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் தங்கள் மனதில் ஒரு விதியை வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். அப்புறம், 'இப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வீர்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், அடுத்த வாக்கியம் எது என்று ஒரே ஒரு நொடியில் நிறுத்திக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள்தான். 'என்ன செய்வீர்கள்' என்பதைவிட 'என்ன சொல்ல வேண்டும்' என்று கேட்பது நல்லது. முதலாவதில் ஆள் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளப் பார்ப்பார். நமக்கு வேண்டியது பயிற்சியில் எது மனதில் தங்கியிருக்கிறது என்பது மட்டும்தான்.

மன்னிப்பு பற்றி ஒரு விஷயம். உங்கள் பழைய கேள்வியில் மன்னிப்புக் கேட்கிற விடை ஒன்றே ஒன்று. அதைப் பார்த்ததும் கை தானாக அங்கே போய்விடும். மேலே நான் எழுதியதில் தவறான மூன்றிலும் 'மன்னிக்கணும்' இருக்கிறது, சரியான விடையில் அந்தச் சொல்லே இல்லை. நீளமும் அப்படித்தான். கேள்வி எழுதுகிறவர்கள் சரியான விடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் அதை இரண்டு மடங்கு நீளமாக்கிவிடுவார்கள். நான்கு விடைகளையும் விரலால் மறைத்துக்கொண்டு, நீளத்தை மட்டும் பார்த்துச் சரியானதைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் திருத்துங்கள்.

இன்னொரு தடயமும் ஒளிந்திருக்கிறது. இந்தக் கேள்வியில் சரியான விடையில் மட்டும்தான் கடிகார நேரம் வருகிறது. பத்துக் கேள்வியிலும் இப்படி இருந்தால், 'மணி சொல்கிற விடைதான் சரி' என்று மூன்றாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நேரம் சொல்வதே தவறாகிற கேள்வி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். பணம் திரும்ப வரவேண்டிய ஒருவர், அது வங்கியின் கையில் இருக்கிறது, எப்போது வரும் என்று ஏஜென்ட்டுக்கு உண்மையாகவே தெரியாது. அங்கே "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடும் சார்" என்பது தவறான விடை. "எந்த நாள்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது சார், நாங்க அனுப்பினதுக்கான எண் இது, குறிச்சுக்குங்க" என்பதுதான் சரி.

நான்காவது விடைக்கு ரெக்கார்டிங்கில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் மூன்றோடு நிறுத்திவிடுங்கள். தேர்வுகளில் எத்தனை விடைகள் கொடுக்கலாம் என்பது பற்றி 80 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வந்த ஒரு கட்டுரையே மூன்று போதும் என்றுதான் முடிவு சொல்கிறது. எண்ணிக்கைக்காகச் சேர்க்கிற விடையை யாரும் தொட மாட்டார்கள். உங்கள் தாளில் 'எதுவும் பேச மாட்டேன்' இருக்கிறதே, அதுபோல.

கேள்வி எழுதியாகிவிட்டது. சரியான விடை எது என்று முடிவு செய்வது யார்? நீங்களும் நானும் மட்டும் முடிவு செய்யக் கூடாது. உங்கள் ஃப்ளோரில், கோபமாகத் தொடங்கிய அழைப்பு யாரிடம் போனால் தணிந்து முடிகிறதோ, அப்படிப்பட்ட ஐந்து பேரைக் குவாலிட்டி டீமிடம் கேட்டுப் பிடியுங்கள். சர்வீஸ் அதிகம் என்பதற்காக யாரையும் சேர்க்க வேண்டாம். ஐந்து பேரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல் விடை எழுதட்டும். நான்கு பேராவது ஒரே விடைக்கு வரவில்லை என்றால் கேள்வியில்தான் கோளாறு. மாறிச் சொன்னவரை உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள். திருத்தத்துக்கு வேண்டியது அங்கேதான் கிடைக்கும்.

பொள்ளாச்சியில் ஓர் இடத்துக்கு இதே மாதிரிக் கேள்வி எழுதிக் கொடுத்தபோது, நல்ல ஏஜென்ட் என்று எல்லோரும் சொன்ன ஒரு பெண் 'இ' போன்ற விடையைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "மேடம், 'எங்க தப்பு'ன்னு நாங்க வாயில சொல்லவே கூடாது. சொன்னா குவாலிட்டில மார்க் போயிடும்" என்றார். நான் அந்த விதியைப் பற்றிக் கேட்டிருக்கவே இல்லை. மேனேஜரிடம் பேசி, அந்த வாக்கியத்தை "வராமலே மூடியிருக்கக் கூடாது சார்" என்று மாற்றினோம். நடந்தது சரியில்லை என்று வாடிக்கையாளர் முன் ஒப்புக்கொள்ள அதுவே போதும், விதியும் மீறப்படவில்லை. அதற்குப் பிறகு ஐந்து பேரும் ஒரே விடைக்கு வந்தார்கள். நீங்களும் 'இ'யை அப்படியே எடுத்து வைத்துவிடாமல், உங்கள் இடத்தில் இந்த வாக்கியத்துக்கு அனுமதி உண்டா, 'நானே கூப்பிடறேன்' என்று சொன்ன ஏஜென்ட்டுக்கு அங்கிருந்து வெளியே அழைக்கும் வசதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வசதி இல்லாத இடத்தில் அது சரியான விடை ஆகாது.

இதே அழைப்பை இன்னொரு கேள்வியாக நீட்டலாம். 'இ'யைச் சொன்னபிறகும் அவர் தணியவில்லை என்று வையுங்கள். "எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. நான் 1915-க்கு அடிச்சுச் சொல்லிடறேன்" என்கிறார். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். இந்த இடத்தில் ஏஜென்ட்டுகள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒருவர் ரோஷப்பட்டு "தாராளமாச் சொல்லுங்க சார்" என்பார். சொற்களில் தப்பில்லை, காதில் விழுவது சவால். இன்னொருவர் பயந்து "அதெல்லாம் வேண்டாம் சார், ப்ளீஸ்" என்று கெஞ்சுவார். அப்போது மண்டிக்காரரின் நெட்டை விட்டுவிட்டுப் பேச்சு 1915-ஐச் சுற்றத் தொடங்கிவிடும். சரியான விடை அந்த உரிமையை ஒரே வாக்கியத்தில் ஏற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். "அது உங்க உரிமை சார். கம்ப்ளைன்ட் நம்பர் சொல்றேன், குறிச்சுக்குங்க. பதினொன்றரைக்கு நான் கூப்பிடறதுல எந்த மாற்றமும் இல்லை." இப்படித் தொடர் கேள்வி வைக்கும்போது, முதல் கேள்விக்கான விடை இரண்டாவதில் தெரிந்துவிடும். அதனால் முதலாவதைச் சமர்ப்பித்த பிறகுதான் இரண்டாவது பக்கம் திறக்க வேண்டும். திரும்பிப் போக வழி இருக்கக் கூடாது.

கெட்ட வார்த்தை பேசுகிறவரைப் பற்றிய கேள்வியை மட்டும் எச்சரிக்கையோடு எழுதுங்கள். எத்தனை முறை எச்சரிக்க வேண்டும், எப்போது அழைப்பை முடிக்கலாம் என்று உங்கள் நிறுவனம் எழுத்தில் வைத்திருந்தால் கேள்வி எழுதலாம். எழுத்தில் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். விதியே இல்லாத இடத்தில் இப்படி ஒரு கேள்வி வைத்தால், திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் சரியான விடை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அது நடக்கக் கூடாது.

இனி உங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். ஒரு முறை அப்படி ஒரு பெண், பத்துக் கேள்வியை முடிக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு நாலு மார்க் வாங்கினார். ஃப்ளோரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று டீம் லீடர் சொன்னதால் சந்தேகப்பட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு பத்துக் கேள்வியை வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். ஒன்பது சரி. அவர் தமிழைக் காதால் அறிந்தவர். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படித்திருக்கிறார். என் கேள்வித்தாள் அவருடைய வாசிப்பை அளந்துகொண்டிருந்தது.

அதனால் வாடிக்கையாளர் பேசுகிற பகுதியை ஒலியாகவே கொடுங்கள். இருபது நொடி போதும். உங்கள் டீமில் நன்றாக நடிக்கிற ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். உண்மையான அழைப்பின் ஒலியைப் பரீட்சைக்குப் பயன்படுத்தக் கூடாது, அது அந்த வாடிக்கையாளரின் குரல். பெயர், நம்பர், ஊர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். விடைகளையும் ஒலியாகக் கேட்க வசதி இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் அவரவர் விருப்பப்படி தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ கொடுங்கள். மலையாள வாடிக்கையாளர்களுக்கான கேள்வியைத் தமிழிலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். மலையாள அழைப்புகளைத் தனியாகக் கேட்டு, அங்கே குரல் ஏறிய வாக்கியங்களிலிருந்து எழுதுங்கள். ஒரு மொழியில் எரிச்சலூட்டுகிற வாக்கியத்தை மாற்றி எழுதினால் மற்றதில் சாதுவாகிவிடும். அப்புறம் அது தவறான விடையாகவே இருக்காது.

டெஸ்ட்டைப் பயிற்சி முடிந்த மாலையே வைத்ததும் மார்க் ஏறியதற்கு ஒரு காரணம். அன்றைக்குக் காதில் சூடாக இருப்பதை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பயிற்சிக்கு முன் நான்கு கேள்வி, பத்து நாள் கழித்து எட்டுக் கேள்வி என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் கேட்ட நான்கின் சூழ்நிலையை வேறு கதையாக மாற்றிப் பின்னாலும் வையுங்கள். இருபது கேள்வி வேண்டாம். இந்த மாதிரிக் கேள்விக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடமாவது யோசிக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் களைத்துப் போய் முதல் விடையைத் தொட்டுவிடுவார்கள். சமர்ப்பித்ததும் 'சரி', 'தவறு' என்று மட்டும் காட்டாமல், அவர் தொட்ட விடையைச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்து என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு வரி காட்டுங்கள். 'அ'வைத் தொட்டவருக்கு, "திங்கக்கிழமையும் இதைத்தானே சொன்னீங்க!" என்று மண்டிக்காரர் கேட்பதாக ஒரு வரி வந்தால் போதும், விளக்கம் வேண்டாம். அந்த வரியும் ரெக்கார்டிங்கிலேயே கிடைக்கும்.

விடைகள் வந்தபிறகு ஒரு சின்னக் கணக்கு. மொத்த மார்க்கில் முதல் எட்டுப் பேரையும் கடைசி எட்டுப் பேரையும் எடுங்கள். மேலே கட்டிய கேள்வியை முதல் எட்டில் ஏழு பேரும் கடைசி எட்டில் மூன்று பேரும் சரியாகச் செய்திருந்தால், வித்தியாசம் 4. அதை 8-ஆல் வகுத்தால் 0.5. நல்ல கேள்வி. இது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. கடைசி எட்டுப் பேர் அதிகமாகச் சரியாகச் செய்திருந்தால் பெரும்பாலும் விடையைத்தான் நாம் தவறாகக் குறித்திருப்போம். 26 பேர் சின்னக் கூட்டம், ஒருவர் மாறினாலே எண் மாறும். அதனால் இந்தக் கணக்கை வைத்து ஆட்களைத் தரம் பிரிக்காதீர்கள். எந்தக் கேள்வியை எடுத்து மறுபடி பார்ப்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்ற பட்டியல் இதைவிடப் பயன்படும். 26 பேரில் பதினோரு பேர் 'அ'வைத் தொட்டிருந்தால், அடுத்த பயிற்சியில் முதல் மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தாளால் அளக்க முடியாதது குரல். 'இ'யையே ஒருவர் சலிப்போடு வாசித்தால் அது தணிக்காது. அதனால் தேர்வில் வந்த இரண்டு சூழ்நிலைகளை எடுத்து, டீம் லீடர் வாடிக்கையாளராகப் பேச, ஐந்து நிமிடம் போனிலேயே பேசவையுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து வேண்டாம். முகம் தெரிந்தால் குரல் மாறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு, தேர்விலும் சரி, போனில் பேசவைத்தபோதும் சரி நன்றாகச் செய்தவர்களே உண்மையான அழைப்பில் மறுபடி 'அ'வுக்கும் 'ஈ'க்கும் போனால், பயிற்சியை நீட்டாதீர்கள். ஓர் அழைப்புக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் என்று அவர்களுக்கு இலக்கு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஏரியா ஆபீஸுக்குப் பேசிவிட்டுத் திரும்ப அழைக்கும் நேரம் அந்த ஏஜென்ட்டின் கணக்கில் ஏறுகிறதா என்றும் கேளுங்கள். ஏறுகிறது என்றால், சரியான விடை தெரிந்தேதான் அவர் சூப்பர்வைசருக்கு மாற்றுகிறார். அப்போது இந்தக் கேள்வித்தாளையும் யார் எதைத் தொட்டார்கள் என்ற பட்டியலையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். திரும்ப அழைக்கும் நேரத்தைத் தனிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள்.